விழுந்த ரூபாயும் விலை ஏறிய ரூபாயும்

2025 டிசம்பர் முதல் வாரம். காலை நடை முடிந்து எங்கள் குத்துக்கல்வலசை முக்குக் கடையில் டீ குடிக்க நின்றேன். கடைக்காரத் தம்பி பேப்பரை என் பக்கம் திருப்பி வைத்தார். டாலர் 90 ரூபாயைத் தாண்டிவிட்டது என்று கொட்டை எழுத்தில் செய்தி.

"என்ன சார், ரூவா இப்படி விழுந்துட்டே போவுதே! நம்ம நாட்டுக்கு மரியாதையே இல்லையா?" என்றார்.

"தம்பி, போன வருஷம் இதே சமயம் டாலர் 84 ரூபாய். அப்போதுதான் நான் கவலைப்பட்டேன். இப்போது கொஞ்சம் நிம்மதி" என்றேன்.

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். வயசானால் இப்படித்தான் என்று நினைத்திருக்கலாம். தம்பி மட்டும் சிரித்துக்கொண்டே, "விளக்கமாச் சொல்லுங்க சார்" என்றார். டீ ஆறும் நேரத்தில் விளக்க முடிகிற விஷயமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கருவூலத்தில் கணக்கு எழுதியே காலம் தள்ளியவன் நான், பொருளாதாரம் படித்தவன் இல்லை. ஆனால் இது கூட்டல் பெருக்கல் தெரிந்தவர் யாருக்கும் பிடிபடுகிற கணக்கு.

எனக்கு இது பிடிபட்டது புத்தகத்தில் அல்ல, புதுச்சேரியில் இருக்கும் என் அத்தான் மூலமாக. என் அக்காவைக் கட்டியவர். பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். புதுச்சேரிக்காரர்களுக்கு 'சொல்தா' என்றால் உடனே புரியும். சொல்தா வீடு என்றால் மாதா மாதம் பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிற வீடு. நான் பையனாக இருந்த காலத்தில் அந்த வீடுகளுக்கு ஒரு தனி மதிப்பு. பெண் கேட்டு வருகிறவர்கள்கூட முதலில் அதைத்தான் விசாரிப்பார்கள்.

அத்தான் சில மாதங்களுக்கு ஒருமுறை போன் செய்வார். பத்து வருஷமாக ஒரே புலம்பல்தான். "தம்பி, பென்ஷனையும் அங்கே ஏத்திக்கிட்டுதான் இருக்கான். யூரோவும் ஏறிக்கிட்டுதான் இருக்கு. ஆனா கையில நிக்க மாட்டேங்குதே, அது எங்கே போவுது?" என்பார். முதலில் அக்காவின் செலவுக் கையைத்தான் நான் சந்தேகப்பட்டேன். பிறகு ஒருநாள் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன்.

2014-இல் ஒரு யூரோவுக்குச் சராசரியாக 81 ரூபாய் கிடைத்தது. 2024-இல் சராசரி 90 ரூபாய் 50 காசு. பேப்பர் பாஷையில் சொன்னால் பத்து வருஷத்தில் யூரோவுக்கு எதிராக ரூபாய் 'விழுந்துவிட்டது'. இதைத்தான் பெயரளவு மாற்று விகிதம் என்கிறார்கள். விமான நிலையத்தில் நாணயம் மாற்றும் கூண்டுக்கு வெளியே பலகையில் தொங்குகிற எண் இதுதான்.

இப்போது விலைவாசியைப் பாருங்கள். அந்தப் பத்து வருஷத்தில் இந்தியாவின் நுகர்வோர் விலை ஏறத்தாழ 60 சதவீதம் ஏறியது. 2014-இல் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் 2024-இல் 160 ரூபாய். பிரான்சில் அதே காலத்தில் ஏற்றம் சுமார் 20 சதவீதம்தான். 100 யூரோ சாமான் 120 யூரோ. பத்து வருஷத்துக்கு இது குறைவு. அதற்கே அங்கே தெருவில் இறங்கிக் கத்தினார்கள் என்பது வேறு விஷயம்.

கணக்கு எளிதாக இருக்க, 2014-இல் ஒரு சொல்தாவுக்கு மாதம் 1,000 யூரோ பென்ஷன் என்று வைத்துக்கொள்வோம். (அத்தானின் உண்மையான தொகையை எழுதினால் அக்கா என்னை வீட்டுக்குள் விடமாட்டாள்.) அன்று அது 81,000 ரூபாய். அந்த 81,000-த்தில் ஒரு குடும்பம் குறிப்பிட்ட ஒரு வாழ்க்கை வாழ்ந்தது. மீன், அரிசி, கரண்டு, டாக்டர், பேரனுக்கு ஸ்கூல் பீஸ் எல்லாம் அதில் அடக்கம்.

2024-க்கு வருவோம். பென்ஷனைப் பிரான்சின் விலைவாசிக்குச் சமமாக ஏற்றிக் கொடுத்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 1,200 யூரோ. அதை 90.50-ஆல் பெருக்கினால் 1,08,600 ரூபாய். எண்ணைப் பார்த்தால் லட்சத்தைத் தாண்டிவிட்டது, சந்தோஷம். ஆனால் அதே மீன், அரிசி, கரண்டு, டாக்டருக்கு இப்போது என்ன வேண்டும்? 81,000-த்தில் 60 சதவீதம் கூட்டினால் 1,29,600. மாதம் 21,000 ரூபாய் துண்டு விழுகிறது. முன்பு 100 பொருள் வாங்கிய பென்ஷன் இப்போது 84 பொருள்தான் வாங்கும்.

அத்தானிடம் இதைப் போனில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு "ஆக, யூரோ ஏறலை, இறங்கியிருக்கு" என்றார். சரியாகச் சொன்னார். பலகையில் ஏறியது, கடைத்தெருவில் இறங்கியது. பள்ளியில் எங்களுக்கு எல்லாப் பாடமும் பிரெஞ்சில்தான். பிரெஞ்சுக்காரர்கள் 'புவ்வார் தாஷா' என்று ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். வாங்கும் சக்தி என்று அர்த்தம். அங்கே தேர்தலே அதை வைத்துத்தான் நடக்கும். சம்பளம் எவ்வளவு என்பதைவிட அந்தச் சம்பளம் எதை வாங்கும் என்பதே அவர்களுக்குப் பேச்சு. நாணயத்துக்கும் அதே கேள்வியைக் கேட்டால் கிடைப்பதுதான் மெய் மாற்று விகிதம்.

அதற்கான சூத்திரம் ஒரே வரி:

மெய் விகிதம் = பெயரளவு விகிதம் × நம் விலை ÷ அவர்கள் விலை

இதில் பெயரளவு விகிதம் என்பது ஒரு ரூபாய்க்கு எத்தனை யூரோ என்பது. 2014-ஐ 100 என்று வைத்தால், 2024-இல் ரூபாயின் யூரோ மதிப்பு 81-ஐ 90.5-ஆல் வகுக்க வரும் 89.5. அதை 160-ஆல் பெருக்கி 120-ஆல் வகுங்கள். 119 வருகிறது. பெயரளவில் பத்தரை சதவீதம் மெலிந்த ரூபாய், மெய்யளவில் 19 சதவீதம் தடித்திருக்கிறது. அத்தானின் 84 என்பது இதே 119-இன் தலைகீழ் எண்தான். 100-ஐ 1.19-ஆல் வகுத்துப் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில பாடப்புத்தகங்களில் இதையே தலைகீழாக எழுதுவார்கள். ஒரு யூரோவுக்கு எத்தனை ரூபாய் என்று தொடங்கி, அதை அவர்கள் விலையால் பெருக்கி நம் விலையால் வகுப்பார்கள். அங்கே எண் ஏறினால் நம் நாணயம் மலிந்தது என்று பொருள். நம் ரிசர்வ் வங்கி எழுதும் முறையில் எண் ஏறினால் ரூபாய் விலை கூடியது என்று பொருள். எந்த முறை என்று பார்க்காமல் இரண்டு கட்டுரைகளைச் சேர்த்துப் படித்துவிட்டு ஒரு வாரம் நான் குழம்பினேன். உங்களுக்கு அந்தத் தொல்லை வேண்டாம். ரூபாய்க்கு எத்தனை யூரோ என்ற முறையிலேயே இங்கே எழுதுகிறேன்.

பெயரளவு விகிதம் அசையாமல் நின்றாலும் மெய் விகிதம் அசையும் என்பதற்கு நம் ஊர்ப்பக்கமே நல்ல சாட்சி இருக்கிறது. தென்காசியிலிருந்து செங்கோட்டை ஏழெட்டுக் கிலோமீட்டர். 1956 நவம்பர் வரை செங்கோட்டை திருவிதாங்கூர், பிறகு திரு-கொச்சி. மகாராஜா காலத்தில் அங்கே காசே வேறு. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். நம் பக்கத்துப் பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம். அந்த அரைச் சக்கர வித்தியாசம் நிலையாக நிர்ணயிக்கப்பட்டது. தென்காசிச் சந்தையில் அரிசி விலை ஏறி, செங்கோட்டையில் ஏறவில்லை என்றால் என்ன ஆகும்? இருபத்தெட்டரை அப்படியே இருக்கும். ஆனால் தென்காசிக்காரர் அரிசி வாங்க மேற்கே பார்ப்பார். விகிதம் அசையவில்லை, வியாபாரம் திசை மாறிவிட்டது.

இன்று சக்கரம் போய்விட்டது. புளியரைக்கு அந்தப் பக்கமும் ரூபாய், இந்தப் பக்கமும் ரூபாய். விகிதம் என்றென்றைக்கும் ஒன்றுக்கு ஒன்று. ஆனாலும் பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி லாரி கேரளத்துக்குப் போகிறது, அங்கிருந்து இங்கே வருவதில்லை. நம் பக்கத்துக் கொத்தனார் அங்கே வேலைக்குப் போகிறார், அங்கத்திய கொத்தனார் இங்கே வருவதில்லை. கூலியும் விலையும் அங்கே உயரம், அதனால்தான். நாணயம் ஒன்றாகிவிட்டால் மெய் மாற்று விகிதம் செத்துவிடுவதில்லை. அது முழுக்க விலைவாசிக்குள் போய் ஒளிந்துகொள்கிறது.

சரி, அத்தானுக்குப் பென்ஷன் குறைந்தது, அது அவர் கஷ்டம், நாட்டுக்கு என்ன என்று கேட்கலாம். அத்தானைப் போலவே யூரோவோடு நம் கடைக்கு வருகிற இன்னொருவர் இருக்கிறார். திருப்பூரில் பனியன் வாங்குகிற ஐரோப்பிய வியாபாரி. புதுச்சேரி மீன்கடையில் அத்தானுக்கு நடந்ததுதான் திருப்பூரில் அவருக்கும் நடக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம். அத்தானுக்குப் புதுச்சேரியை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. வியாபாரிக்கு டாக்கா இருக்கிறது, ஹோ சி மின் நகரம் இருக்கிறது.

கற்பனையாக ஒரு பனியனை எடுத்துக்கொள்வோம். 2014-இல் எல்லாச் செலவும் லாபமும் சேர்த்து 162 ரூபாய். 81-ஆல் வகுத்தால் 2 யூரோ. செலவு நாட்டு விலைவாசியோடு சேர்ந்தே ஏறியது என்றால் 2024-இல் அது 259 ரூபாய். 90.50-ஆல் வகுத்தால் 2 யூரோ 86 சென்ட். வியாபாரி தன் ஊர் விலைவாசி ஏறிய அளவுக்கு அதிகம் தரத் தயார் என்றாலும் 2.40-தான் தருவார். (துணி விலை அங்கே மற்ற விலைகள் அளவுக்கு ஏறவில்லை என்பதால் அதுவும் தாராளமான அனுமானமே.) 2.40 யூரோ என்றால் முதலாளி கைக்கு 217 ரூபாய். செலவு 259. ஒரு பனியனுக்கு 42 ரூபாய் இடிக்கிறது.

அந்த 42 ரூபாயை எங்காவது ஈடுகட்ட வேண்டும். நல்ல வழி, அதே ஆட்களும் மெஷினும் ஒரு மணி நேரத்தில் முன்பைவிட அதிக உருப்படி தருவது. மோசமான வழி, லாபத்தைத் தின்பது, கூலியை ஏற்றாமல் இழுப்பது. அதுவும் முடியாதபோது ஆர்டர் போய்விடுகிறது. மெய் மாற்று விகிதம் ஏறினால் போட்டித்திறன் குறையும் என்று புத்தகத்தில் ஒரு வரியில் எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் இருப்பது இந்த 42 ரூபாய்தான். இதற்கு மேல் ஐரோப்பாவில் நம் ஆடைக்குச் சுமார் பத்து சதவீதம் சுங்கம் இருந்தது. வங்கதேசத்துக்கு, மிகவும் பின்தங்கிய நாடு என்ற சலுகையில், சுங்கமே இல்லை. விகிதமும் சுங்கமும் ஒரே பக்கம் சேர்ந்து இழுத்தால் திருப்பூர் என்ன செய்யும்?

ஏற்றுமதி செய்கிறவருக்கு மட்டும்தான் இந்த இடி என்றில்லை. ரூபாய் மெய்யளவில் தடிக்கும்போது வெளிநாட்டுச் சாமான் நமக்கு மலிவாகத் தெரியும். உள்ளூரில் விற்கிறவரும் வந்திறங்குகிற சரக்கோடு போட்டி போட முடியாமல் தவிப்பார். அவர் கப்பலையே பார்த்திருக்க மாட்டார், டாலரைத் தொட்டிருக்க மாட்டார். ஆனால் அடி அவருக்கும் விழும். வாங்குகிற நமக்கோ அது லாபமாகத் தெரியும். அதனால்தான் இந்த ஏற்றத்தைப் பற்றி யாரும் கூச்சல் போடுவதில்லை.

கடைக்காரத் தம்பிக்குச் சொன்ன பதிலுக்கு இப்போது வருகிறேன். நாம் பிரான்சோடு மட்டுமா வியாபாரம் செய்கிறோம்? ரிசர்வ் வங்கி 40 நாணயங்களை எடுத்து, எந்த நாட்டோடு எவ்வளவு வியாபாரம் என்பதற்கேற்ப எடை கொடுத்து, மேலே சொன்ன அதே கணக்கைப் போட்டு ஒரே எண்ணாக மாதா மாதம் வெளியிடுகிறது. 2015-16-ஆம் ஆண்டு 100. 2024 நவம்பரில் அந்த எண் 108-ஐத் தாண்டியது. அதே மாதம்தான் டாலருக்கு எதிராக ரூபாய் அதுவரை இல்லாத அளவுக்கு, 84 ரூபாய்க்கும் கீழே போய்விட்டது என்று பேப்பர்கள் அழுதன. ஒரே மாதத்தில் ஒரு கணக்கில் ரூபாய் படுபாதாளம், இன்னொரு கணக்கில் உச்சாணி.

இது எப்படி? டாலரை மட்டும் பார்த்ததால் வந்த மயக்கம். அந்த ஆண்டுகளில் டாலர் எல்லோருக்கும் எதிராக ஏறியது. யென்னைப் பாருங்கள். 2014-இல் 100 யென் வாங்க சுமார் 58 ரூபாய் ஆனது. 2024-இல் 55 ரூபாய் போதும். ஜப்பானுக்கு எதிராக நம் ரூபாய் பெயரளவிலேயே ஏறியிருக்கிறது. அங்கே விலைவாசி பத்து வருஷத்தில் பத்து சதவீத அளவில்தான் ஏறியது. இங்கே அறுபது. இதை எந்தப் பேப்பரும் தலைப்பில் போடவில்லை. மாடியிலிருந்து இறங்குகிறவர், பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் வேகமாக இறங்குவதைப் பார்க்கவில்லை என்றால் தான் மட்டும் விழுவதாகத்தானே நினைப்பார்?

அதற்குப் பிறகு ஒரு வருஷத்தில் நடந்தது எனக்கு வியப்பாக இருந்தது. 2025 அக்டோபரில் அந்த எண் 98-க்கும் கீழே வந்துவிட்டது. இரண்டு கையும் சேர்ந்து தட்டின. ஒரு பக்கம் ரூபாயின் பெயரளவு மதிப்பு இறங்கியது. டாலருக்கு எதிராகக் கொஞ்சம், யூரோவுக்கு எதிராக அதிகம். யூரோ 100 ரூபாயைத் தாண்டியது. இன்னொரு பக்கம் நம் விலைவாசி ஏறாமல் நின்றது. 2025 அக்டோபரில் ஆண்டுப் பணவீக்கம் 0.25 சதவீதம், கால் சதவீதம். காய்கறி விலை விழுந்ததால் பாவூர்சத்திரம் விவசாயிக்கு அது நல்ல செய்தி இல்லைதான். ஆனால் சூத்திரத்தில் 'நம் விலை' ஏறவில்லை, 'அவர்கள் விலை' ஏறிக்கொண்டிருந்தது. ஆக, டாலர் 90-ஐத் தாண்டியபோது நான் நிம்மதி என்றது இதனால்தான். 84-இல் நின்ற ரூபாய் திருப்பூரின் கழுத்தில் கை வைத்திருந்தது. 90-இல் நின்ற ரூபாய் கையைக் கொஞ்சம் தளர்த்தியது.

முழுதாகத் தளர்த்தியது என்று சொல்லமாட்டேன். 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதச் சுங்கம் போட்டது. மெய் விகிதம் பத்து சதவீதம் இறங்கி அந்த ஐம்பதைத் தாங்க முடியாது.

இந்த 108, 98 எண்களை வேதவாக்காகவும் எடுக்கக்கூடாது. 2015-16-ஐ 100 என்று வைத்ததால் அந்த ஆண்டில் ரூபாய் சரியான விலையில் இருந்தது என்று ஆகிவிடாது. அது எண்ணத் தொடங்கிய இடம், அவ்வளவே. 108 என்றால் எட்டு சதவீதம் அதிக விலை என்று டிவியில் ஒருவர் அடித்துச் சொன்னார். அப்படி அது சொல்லவில்லை. 2015-16-ஐவிட எட்டு சதவீதம் கூட என்று மட்டும்தான் சொல்கிறது. பிறகு, கணக்கில் வருவது நுகர்வோர் விலை. 2012 அடிப்படையில் வந்த நம் குறியீட்டில் உணவுக்கும் பானத்துக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 46 சதவீத எடை. தக்காளி ஏறினால் மெய் விகிதம் ஏறும். ஆனால் பனியனில் தக்காளி இல்லை. பஞ்சும் நூலும் உலகச் சந்தை விலையைப் பின்பற்றும். கூலியில்தான் தக்காளி கொஞ்சம் தாமதித்து வந்து சேரும்.

மூன்றாவதாக, ஏற்றம் எல்லாமே நோய் இல்லை. ஒரு நாட்டின் தொழிற்சாலைகள் வேகமாகத் திறமை கூட்டினால் அங்கே கூலி ஏறும். அந்தக் கூலியைப் பார்த்து முடிதிருத்துகிறவர், ஆட்டோக்காரர், டியூஷன் வாத்தியார் எல்லோரும் கட்டணத்தை ஏற்றுவார்கள். நாட்டு விலைவாசி ஏறும், மெய் விகிதமும் ஏறும். போட்டித்திறன் குறையாது. ஏனென்றால் ஏற்றத்தைக் கொண்டுவந்ததே அதுதான். கேரளத்துக் கதை இப்படியா என்றால் இல்லை, அங்கே ஏற்றியது வளைகுடாப் பணம். நல்ல ஏற்றம் எது, கெட்ட ஏற்றம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஏற்றத்தோடு சேர்ந்து உலகச் சந்தையில் நம் பங்கும் வளர்ந்தால் நல்லது. எண் ஏறும்போது ஆடை, தோல் போல ஆட்களை அதிகம் வைத்துச் செய்கிற சரக்கில் நம் பங்கு நின்றுவிட்டாலோ தேய்ந்தாலோ அது கெட்டது. நமக்கு நடந்தது இரண்டாவது என்பதே என் எண்ணம்.

அதனால்தான் 2024 கடைசியில் ரிசர்வ் வங்கி செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. செப்டம்பர் இறுதியில் கிட்டத்தட்ட 70,500 கோடி டாலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு டிசம்பர் இறுதியில் சுமார் 64,000 கோடிக்கு வந்தது. எல்லாமே விற்றதால் குறைந்ததல்ல. கையிருப்பில் உள்ள மற்ற நாணயங்களின் டாலர் மதிப்பு குறைந்ததும் ஒரு காரணம். ஆனால் ரூபாய் வேகமாக இறங்காமல் இருக்க டாலரை விற்றார்கள் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. எண் 108-இல் இருக்கும்போது, இறங்க விரும்புகிற ரூபாயை இழுத்துப் பிடிப்பது எதற்கு? தினசரி ஆட்டத்தைக் குறைக்க என்றால் சரி. மானத்துக்காக என்றால் அந்த மானத்தின் பில்லைத் திருப்பூர்த் தையல்காரப் பெண் கட்டுகிறாள்.

இதற்குப் பதில் சொல்கிறவர்கள் பெட்ரோலைக் காட்டுவார்கள். நியாயம்தான். கச்சா எண்ணெயும் சமையல் எண்ணெயும் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகின்றன. ரூபாய் இறங்கினால் அவை ஏறும், பிறகு பஸ், லாரி, காய்கறி என்று எல்லாம் ஏறும். அந்த ஏற்றம் சூத்திரத்தில் 'நம் விலை'க்குள் போய் உட்கார்ந்து, இறக்கத்தின் பலனைத் தின்றுவிடும். 1966-இல் நடந்தது அதுதான். ஜூன் 6-ஆம் தேதி டாலர் 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசாக ஆனது. எனக்கு அப்போது பதினைந்து வயது. புதுச்சேரியில் பெரியவர்கள் அதைச் சாவுச் செய்தி மாதிரிப் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. ஏற்றுமதிக்கு அதுவரை கொடுத்து வந்த ஊக்கச் சலுகைகளையும் கூடவே நிறுத்தினார்கள், ஆகவே ஏற்றுமதியாளருக்குக் கிடைத்த உண்மையான லாபம் பலகையில் தெரிந்ததைவிடக் குறைவு. அதற்கு மேல் அடுத்தடுத்து வறட்சி. தானிய விலை ஏறியது. நாணயத்தில் கொடுத்ததை விலைவாசி திரும்ப வாங்கிக்கொண்டது.

1966-ஐக் காட்டி ரூபாயை இறக்கவே கூடாது என்கிறார்கள். எனக்கு அது வேறு பாடம் சொல்கிறது. விலைவாசி கட்டுக்குள் இருக்கிற காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க விட வேண்டும். பதினாறு பதினேழு வருஷம் பிடித்து வைத்துவிட்டு ஒரே நாளில் கயிற்றை விடக்கூடாது. 2025-இல் கால் சதவீதப் பணவீக்கம் இருந்தபோது ரூபாய் இறங்கியது. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அந்த நேரத்தில் போய் மரியாதை போச்சு என்று அழுதால் எப்படி?

நேற்று அத்தான் போன் செய்தார். குரலில் கொஞ்சம் தெம்பு. "தம்பி, இந்த மாசம் யூரோ 105-க்குப் போட்டிருக்கான்" என்றார். நான் உடனே தாளை எடுத்தேன். 2014-இன் வாங்கும் சக்தி அப்படியே இருக்க 2024-இல் யூரோ எவ்வளவு இருந்திருக்க வேண்டும்? 81-ஐ 160-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால் 108 ரூபாய். (ரிசர்வ் வங்கியின் 108-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தற்செயல்.) "இன்னும் மூணு ரூபாய் பாக்கி இருக்கு அத்தான்" என்றேன்.

"அந்த மூணு ரூபாய் எப்போ வரும்?"

"அது வராட்டியும் பரவாயில்லை. இங்கே மீன் விலை ஏறாம இருந்தா போதும்."

"மீன் விலையா! இன்னைக்கு வஞ்சிரம் கிலோ என்ன விலை தெரியுமா?" என்று ஆரம்பித்தார். பின்னால் அக்கா ஏதோ சொல்வது கேட்டது. அரை மணி நேரம் ஆகியும் போனை வைக்கவில்லை.